அன்புள்ள அத்தைக்கு

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பாம்பன் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். பகலில் அந்த வேலை. சாயங்காலம் ஆனால் இன்னொரு வேலை தானாக வந்து சேரும். துபாயிலும் சவுதியிலும் இருக்கிற வீட்டுக்காரரிடமிருந்தும் பிள்ளையிடமிருந்தும் கடிதம் வந்திருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு பெண்கள் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். நான் வாசித்துக் காட்டுவேன், அவர்கள் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதிக் கொடுப்பேன். கைபேசி வந்த பிறகு அது நின்றுபோனது. அதனால்தான் போன தை மாதம் ஒரு கடிதம் மறுபடியும் என் திண்ணை ஏறி வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு கடிதத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதம் சொல்லிவிட்டார்கள். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

கொண்டு வந்தவன் என் பழைய மாணவன். சென்னையில் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்க்கும் ஒரு வங்காளிப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான். கொல்கத்தாப் பெண். ஐப்பசியில் மூன்று நாள் இங்கே வந்து அவன் அம்மாவோடு இருந்துவிட்டுப் போயிருக்கிறாள். போனதும் அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதவேண்டும், அதையும் தமிழில் தன் கையாலேயே எழுதவேண்டும் என்று மூன்று மாதமாக எழுத்துப் பழகியிருக்கிறாள். "டீச்சர், தப்பு இருந்தா திருத்துங்க. ஆனா அவ எழுதினதை மாத்திடாதீங்க" என்றான் பையன். அதை எங்கே பிரிப்பது என்பதுதான் எனக்கு வேலை.

அவன் அம்மா பாசி எடுக்கிறவர். கரையோரத்தில் இருக்கிற நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, கடலுக்குள் முங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிற வேலை அது. துணி சுற்றியும் விரல் வெட்டுப்படும். அந்த அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் எட்டாவது படிக்கிற பெண்தான் வாசித்துக் காட்ட வேண்டும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை அவர் பார்க்கப் போவதில்லை, கேட்கப் போகிறார். நான் திருத்தியதும் திருத்தாமல் விட்டதும் எல்லாம் இதனால்தான்.

தாளைப் பிரித்தேன். முதல் வரி, "அன்புள்ள மாமியாருக்கு".

அகராதியைப் பார்த்து எழுதியிருக்கிறாள், பாவம். மாமியார் என்பது தப்பான சொல் இல்லை. ஆனால் அது ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்கிற சொல். "என் மாமியார் ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்வோம். நேரே கூப்பிட்டு "மாமியாரே" என்றால் அது வீட்டில் சண்டை நடக்கிற மாதிரி இருக்கும். கூப்பிடும் சொல் வீட்டுக்கு வீடு வேறு. எங்கள் கரையில் பல வீடுகளில் அத்தை, இஸ்லாமிய வீடுகளில் மாமி, சில வீடுகளில் அம்மா என்றே கூப்பிடுவார்கள். நானாக ஒன்றைப் போடாமல், "உங்க அண்ணி உங்க அம்மாவை எப்படிக் கூப்பிடுறா?" என்று பையனிடம் கேட்டேன். அத்தை என்றான். "அன்புள்ள அத்தைக்கு" ஆயிற்று. மூத்த மருமகள் கூப்பிடுவதையே இளையவளும் கூப்பிட்டால் வீட்டில் ஒரு கேள்வியும் எழாது.

இரண்டாவது வரி, "உங்கள் பாதங்களில் என் வணக்கம்". இதை யாரும் இப்போது இங்கே எழுதுவதில்லை. ஆனால் வங்காளத்தில் பெரியவர்களுக்கு எழுதும் கடிதம் "ஸ்ரீசரணேஷு" என்று தொடங்கும். திருவடிகளுக்கு என்று பொருள். நம் பழக்கப்படி "நலம், நலமறிய ஆவல்" என்று மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை. "எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு இப்படித்தான் எழுதுவோம்" என்று ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னேன். வருகிறவள் வேறு ஊர்க்காரி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அவள் வீட்டு மரியாதையோடு வரட்டும்.

அப்புறம் வந்தது நன்றி. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் கடிதத்தில் ஏழு இடத்தில் நன்றி. சாப்பாட்டுக்கு நன்றி, தங்க இடம் தந்ததற்கு நன்றி, கருவாட்டுக்கு மிக்க நன்றி. நான் சென்னைக்குப் போன் போட்டு அந்தப் பெண்ணிடமே கேட்டேன். அவளுக்குப் பேச்சுத்தமிழ் ஓரளவு வரும். "உங்க அம்மா சோறு போட்டா நீ நன்றி சொல்லுவியாம்மா?" என்றேன். "ஐயோ, சொன்னா அம்மா கோவிச்சுக்குவாங்க டீச்சர்" என்றாள். வங்காளத்திலும் வீட்டு மனிதர்களுக்குள் அந்தச் சொல் கிடையாது. "பிறகு ஏம்மா எழுதினே?" என்றால், தமிழ் படிக்கிற புத்தகத்தில் நன்றிக் கடிதம் என்று ஒரு பாடம் இருந்ததாம், அதில் அப்படித்தான் இருந்ததாம்.

பாருங்கள், நன்றி என்ற சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் நன்மை, செய்த உதவி. வள்ளுவர் அதிகாரத்துக்கு என்ன பெயர் வைத்தார்? செய்ந்நன்றி அறிதல். செய்த நன்மையை அறிவது. யாரோ நமக்கு ஒன்று செய்தார்கள், அது என்ன என்று நமக்குத் தெரியும், அவ்வளவுதான். திண்ணையில் நான் வாசித்த நூற்றுக்கணக்கான கடிதங்களில் நன்றி என்ற சொல்லைப் பார்த்த நினைவே இல்லை. "நீ குடுத்துவிட்ட நெத்திலிக் கருவாடு பதினெட்டு நாள் வந்துச்சு, ரூம்ல நாலு பேரும் சாப்பிட்டோம்" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அந்தப் பெண் அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். பதினெட்டு நாள் என்ற இடம் வரும்போது ஒவ்வொரு தரமும் சிரித்தாள். எத்தனை நாள் வந்தது, யார் யார் சாப்பிட்டார்கள். அதுதான் நன்றி. ஆகவே அந்தப் பெண்ணிடம், "ஏழு நன்றியையும் எடுத்துடு. அந்த மூணு நாள்ல உனக்கு மறக்காதது எது, அதைச் சொல்லு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். முதல் நாள் மத்தியானம் சூடை மீன் குழம்பு. சூடையில் எவ்வளவு முள் என்று உங்களுக்குத் தெரியும். வடக்கத்திப் பெண்ணுக்கு முள் பார்க்கத் தெரியாதே என்று அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மீனாக முள் எடுத்து இலையோரத்தில் வைத்திருக்கிறார். இந்தப் பெண்ணோ, சூடையைவிட முள் அதிகமான இலிஷ் மீனைச் சின்ன வயதிலிருந்து தானே பிரித்துத் தின்று வளர்ந்தவள். நம் ஆட்கள் உள்ளம் என்று சொல்வார்களே, அந்த மீன். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்திருக்கிறாள். அப்போது அந்த விரல்களில் பாசி வெட்டின காயத்தைப் பார்த்திருக்கிறாள். பேசாமல் சாப்பிட்டிருக்கிறாள். "அதை எழுதலாமா டீச்சர்? எனக்கு முள் எடுக்கத் தெரியும்னு சொன்னா அவங்க வருத்தப்படுவாங்களா?" என்று கேட்டாள். எழுது என்றேன். காயத்தைப் பற்றி மட்டும் வேண்டாம் என்றேன். கடிதம் வாசிக்கும்போது நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கையில் காயம், கஷ்டமான வேலை என்றெல்லாம் அத்தனை பேர் முன்னால் காதில் விழுந்தால் அந்த அம்மாவுக்குக் கூச்சமாகிவிடும். தனியாக இருக்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது ஒரே ஒரு சொல். "கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்து தங்குங்கள்" என்று எழுதியிருந்தாள். இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் காதில் கேட்டுப் பாருங்கள். வாசலில் நின்று ஒருத்தர் "நாங்க கடைத்தெருவுக்குப் போறோம்" என்றால் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். "நாம கடைத்தெருவுக்குப் போவோம்" என்றால் நீங்களும் செருப்பைத் தேடவேண்டும். வங்காளத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஆம்ரா என்று ஒரே சொல்தான், அதனால் இந்த வித்தியாசம் அவளுக்குப் புலப்படவில்லை. "எங்கள் வீடு" என்றால், பிள்ளையும் மருமகளும் ஒரு பக்கம், அந்த அம்மா வெளியே. "நம்ம வீடு" என்றதும் உள்ளே வந்துவிட்டார். சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பெண் உற்சாகமாகி எல்லா இடத்திலும் நம் என்று மாற்றிவிட்டாள். கொல்கத்தாவில் இருக்கிற தன் அம்மாவும் "நம் அம்மா" ஆகிவிட்டார்! அதை "எங்க அம்மா" என்று திருப்ப வேண்டியிருந்தது. "என் அம்மா" என்று சொன்னால்கூட நம் பக்கம் ஒட்டாது. ஒற்றைப் பிள்ளையாக இருந்தாலும் எங்க அம்மாதான்.

எழுத்துப் பிழைகளை அனேகமாக விட்டுவிட்டேன். கருவாட்டுக் கறி என்பதற்கு இடையின ரகரம் போட்டுக் கரி ஆக்கியிருந்தாள். தமிழ் டீச்சருக்குக் கை பரபரக்கத்தான் செய்தது. ஆனால் வாசித்தால் நம் பேச்சில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். "வந்தேன்" என்பதைப் "பந்தேன்" என்று எழுதியதை மட்டும் திருத்தினேன். வகரம் அவர்கள் மொழியில் இல்லை, அதனால் வந்த குழப்பம். அது காதில் விழுமே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. கடிதத்தின் முடிவு, உறை, விலாசம் இதெல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். முடிவைப் பற்றி ஒன்று மட்டும். "போகிறேன்" என்று எழுதாதே, "வருகிறேன்" என்று எழுது என்று சொல்லப் போனேன். அவள் ஏற்கெனவே அப்படித்தான் எழுதியிருந்தாள். அவர்களும் கிளம்பும்போது ஆஷி, அதாவது வருகிறேன் என்றுதான் சொல்வார்களாம். கடிதத்தை வாசித்துவிடுகிறேன்.

"அன்புள்ள அத்தைக்கு, உங்கள் பாதங்களில் என் வணக்கம். எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு இப்படித்தான் எழுதுவோம். நான் சுகம். நீங்கள் சூடை மீனுக்கு முள் எடுத்துக் கொடுத்தீர்கள். எனக்கு முள் எடுக்கத் தெரியும் அத்தை. ஆனால் சொல்லவில்லை. எங்க அம்மா எனக்கு முள் எடுத்துக் கொடுத்தது ஐந்து வயது வரைக்கும்தான். அதற்கு அப்புறம் நீங்கள்தான். நீங்கள் கொடுத்த கருவாட்டை எங்க பாட்டிக்கு அனுப்பினேன். பாட்டி அதை ஷுட்கி என்று சொல்வாள். ஒரு வாரம் சாப்பிட்டாள். கருவாடு வந்த ஓலைப்பெட்டியில் இப்போது என் வளையல் இருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம் நம்ம வீட்டுக்கு வந்து தங்குங்கள். இலிஷ் மீன் செய்கிறேன். அன்றைக்கு உங்களுக்கு நான் முள் எடுத்துக் கொடுப்பேன். வருகிறேன்."

வணக்கம்.