சொன்ன தேதி எங்கே போனது?

வணக்கம், நேயர்களே.

தையற்காரரிடம் துணி கொடுக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்கிறார். வியாழக்கிழமை போன் செய்து, "சனிக்கிழமை வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார். நீங்களும் சரி என்கிறீர்கள். சனிக்கிழமை துணி கைக்கு வந்துவிடுகிறது. இப்போது சொல்லுங்கள், அவர் சொன்ன நாளில் கொடுத்தாரா, இல்லையா?

இந்தக் கேள்வியோடுதான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது. கொள்முதல் பிரிவிலும் ஸ்டோரிலும் இருந்தவன் நான். எந்தச் சப்ளையர் நம்பகமானவர், யாரோடு தொடரலாம், யாரிடம் பேச வேண்டும் என்று முடிவெடுக்க ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் அட்டை போடுவோம். தாமதமாக வந்தது எவ்வளவு, குறைவாக வந்தது எவ்வளவு, சோதனையில் தள்ளுபடியானது எவ்வளவு. மூன்றே கணக்குதான். மூன்றுக்கும் வேண்டிய விவரம் நம் கொள்முதல் பதிவுகளிலேயே இருக்கிறது. கூட்டிக் கழித்துப் போட வேண்டியதுதான் என்று எல்லாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் போட்ட முதல் அட்டையில் ஒரு சப்ளையர் கடைசி இடத்தில் இருந்தார். சிறிய பட்டறை. வருடத்தில் 22 லோடு அனுப்பியிருந்தார். அதில் 17 தாமதம் என்று என் கணக்கு சொன்னது. கடிதம் அனுப்பினேன். மறுவாரம் அவரே நேரில் வந்தார். கோபப்படவில்லை. பையிலிருந்து செலான் நகல்களை எடுத்து மேஜையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் எங்கள் கேட்டில் குத்திய முத்திரை, தேதியோடு. "சார், வண்டி உங்க வாசலுக்கு வந்த நாள் இது. அதுக்கப்புறம் உள்ளே எத்தனை நாள் நின்னதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

நான் தாமதத்தைக் கணக்கிட்டது ஜி.ஆர்.என். தேதியை வைத்து. சரக்கு வரவுச் சீட்டைத்தான் ஜி.ஆர்.என். என்போம். சரக்கை வரவு வைத்ததும் அது போடப்பட வேண்டும். எங்கள் ஸ்டோரில் என்ன நடந்தது என்றால், சரக்கை இறக்கி, எண்ணி, சோதனைப் பிரிவு பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் சீட்டு போட்டார்கள். அவருடைய பொருளுக்கோ ஆய்வகச் சோதனை உண்டு. மூன்று நாள், நான்கு நாள் அங்கேயே போய்விடும். அந்த நாட்கள் எல்லாம் அவர் தலையில் விழுந்திருந்தன. கேட் பதிவேட்டை எடுத்து 22 லோடையும் மறுபடி பார்த்தேன். உண்மையில் தாமதம் நான்குதான்.

இதை நான் ஒருமுறை சொல்லி நிறுத்துவதில்லை, இப்போதும் திரும்பச் சொல்கிறேன்: சப்ளையரின் தேதி, வண்டி நம் வாசலுக்கு வந்த தேதி. சீட்டு போட்ட தேதி நம்முடைய தேதி.

கேட் பதிவேடு கைக்கு வராத இடத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வழி சொல்கிறேன். ஆய்வகச் சோதனை தேவைப்படும் பொருட்களை ஒரு பக்கமும், நேராக அலமாரிக்குப் போகும் பொருட்களை இன்னொரு பக்கமும் பிரித்து வையுங்கள். தாமதம் முழுக்க ஒரு பக்கமே குவிந்திருந்தால், அநேகமாகக் கோளாறு நம் வீட்டில். மாதக் கடைசியில் மட்டும் எல்லாச் சப்ளையர்களும் சேர்ந்தாற்போல் தாமதிக்கிறார்களா? அதுவும் நம் பக்கத்து நெரிசலாக இருக்கலாம்.

அந்தக் கதை அங்கே முடியவில்லை. அதே அட்டையில் முதலிடத்தில் ஒருவர் இருந்தார். 30 லோடு, முப்பதும் சரியான நாளில். அந்தப் பட்டறைக்காரருக்கு அநியாயம் செய்துவிட்டோமே என்ற உறுத்தலில் இவருடைய கோப்பையும் எடுத்தேன். பழைய கொள்முதல் ஆணைகள் அச்சிட்ட தாளாக இருந்தன. தாளில் இருந்த தேதியையும் கணினியில் இருந்த தேதியையும் ஒப்பிட்டேன். பதினொரு ஆணைகளில் தேதி வேறு. என்ன நடந்திருக்கிறது? சரக்கு தயாராகவில்லை என்றால் இவர் முதல் நாளே போன் செய்வார், "இன்னும் ஐந்து நாள் கொடுங்கள்" என்பார். எங்கள் ஆள் நல்லெண்ணத்தோடு கணினியில் தேதியை மாற்றிவிடுவார். பழைய தேதி அழிந்து, புதிய தேதி உட்காரும். சரக்கு அந்தப் புதிய தேதியில் வரும். தாமதம் இல்லை!

அந்தப் பதினொன்றில் மூன்று, கிடங்கில் இடமில்லை என்று நாங்களே தள்ளி வைக்கச் சொன்னவை. அதை அவர் மேல் போடக் கூடாது. மீதி எட்டு அவர் கேட்டு வாங்கிய நாட்கள். ஆக 30ல் எட்டு தாமதம். பட்டறைக்காரருக்கு 22ல் நான்கு. முதலிடமும் கடைசி இடமும் தலைகீழாக மாறிவிட்டன. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. எங்கள் பதிவுகள்தான் அப்படிப் பேசின.

போன் செய்து முன்கூட்டியே சொல்வது நல்ல பழக்கம், அதை நான் மதிக்கிறேன். அதற்காகத் தனியாக ஒரு குறிப்பு எழுதுங்கள். ஆனால் முதலில் ஒப்புக்கொண்ட தேதியை அழிக்காதீர்கள். இரண்டு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் சொன்ன தேதி, திருத்திய தேதி. திருத்தத்தை யார் கேட்டார்கள் என்பதற்கு ஒரு சொல், "அவர்" அல்லது "நாம்". அவ்வளவு போதும். உங்கள் பதிவில் வந்த தேதியும் வாக்குத் தேதியும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கின்றன என்றால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். சரக்கு என்றால் ஒரு நாள் முன்னே வரும், ஒரு நாள் பின்னே வரும். எப்போதும் ஒரே தேதி என்றால் அநேகமாக யாரோ பின்னால் திருத்துகிறார்கள்.

தேதிக்கு நடந்ததுதான் அளவுக்கும் நடக்கிறது. ஆயிரம் கேட்டோம், 950 வந்தது. மீதி 50 இனி வேண்டாம் என்று ஆணையை முடித்துவிடுகிறோம். அப்போது சில இடங்களில் ஆணையின் அளவையே 950 என்று திருத்திவிடுவார்கள், கோப்பு சுத்தமாக இருக்கட்டும் என்று. ஆறு மாதம் கழித்து அட்டை போடுகிறவர் பார்த்தால், 950 கேட்டோம், 950 வந்தது, குறையே இல்லை! மறுபடியும் அதேதான், நேயர்களே: முதலில் கேட்டது எவ்வளவு என்பது அழியக் கூடாது.

குறைவிலும் இரண்டு வகை உண்டு. செலானிலேயே 950 என்று எழுதி 950 அனுப்புவது ஒன்று. அதில் ஒளிவுமறைவு இல்லை. செலானில் ஆயிரம் என்று எழுதி, பெட்டியைப் பிரித்து எண்ணினால் 950 இருப்பது இன்னொன்று. இரண்டாவதை முதலாவதோடு சேர்த்துக் கூட்டாதீர்கள். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் பேச வேண்டிய பேச்சு வேறு.

சரி, ஓர் ஆணையை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். தாள் எதுவும் வேண்டாம், கேட்டாலே புரியும். ஆயிரம் உருப்படி கேட்டோம், பத்தாம் தேதிக்கு. பத்தாம் தேதி 600 வந்தது. பதினான்காம் தேதி 350 வந்தது. மீதி 50 வரவே இல்லை. சோதனையில் முதல் லோடில் 24, இரண்டாவதில் 14, ஆக 38 தள்ளுபடி.

இங்கே ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை கொடுத்துவிடக் கூடாது. வராத 50ஐக் குறைவிலும் சேர்த்து, தாமதத்திலும் சேர்த்தால் அப்படித்தான் ஆகும். அதனால் முதல் கேள்வியை மட்டும் நாம் கேட்ட அளவின் மேல் கேளுங்கள், அடுத்த இரண்டையும் வந்த சரக்கிடம் மட்டும் கேளுங்கள். கேட்டதில் எவ்வளவு வந்தது? ஆயிரத்துக்கு 950, நூற்றுக்கு 95. வந்ததில் எவ்வளவு நேரத்தோடு வந்தது? 950க்கு 600, நூற்றுக்கு 63. வந்ததில் எவ்வளவு தேறியது? 950க்கு 912, நூற்றுக்கு 96.

இப்போது பலரும் செய்வது என்ன? தரத்துக்குப் பாதி எடை, நேரத்துக்கு முப்பது, அளவுக்கு இருபது என்று வைத்துச் சராசரி போடுவார்கள். போட்டால் 86 வருகிறது. நூற்றுக்கு 86 என்றால் நல்ல சப்ளையர் என்று தோன்றும். ஆனால் பத்தாம் தேதி மாலை உற்பத்திப் பிரிவு ஸ்டோருக்கு வந்து நின்றபோது, எடுத்துக் கொடுக்க நல்ல உருப்படி எத்தனை இருந்தது? 600ல் 24 போக, 576. ஆயிரம் கேட்ட இடத்தில் 576. அந்த மூன்று விகிதங்களையும் சராசரி போடாமல் ஒன்றோடொன்று பெருக்குங்கள், இதே 57.6 தான் வரும். இரண்டு லோடிலும் தள்ளுபடி நூற்றுக்கு நான்காகவே இருந்ததால் இங்கே இம்மி பிசகாமல் பொருந்துகிறது. மற்ற இடங்களில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சராசரியில் தரம் வந்து நேரத்தைத் தூக்கிவிடுகிறது. பெருக்கலில் யாரும் யாரையும் தூக்க முடியாது. நான் பல வருடம் சராசரிதான் போட்டேன். உற்பத்திப் பிரிவு எங்கள் அட்டையை ஏன் நம்பவில்லை என்பது பெருக்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

தள்ளுபடியைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்து வந்தேன். நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். இரண்டு வார்த்தையில் சொல்கிறேன். தள்ளுபடிச் சீட்டில் காரணம் எழுதாத பதிவை அட்டையில் சேர்க்காதீர்கள், முதலில் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். வரைபடத்தை நாம் மாற்றிவிட்டு, பழைய வரைபடத்தின்படி வந்த சரக்கைத் தள்ளிய கதைகள் உண்டு. தள்ளியதற்கு மாற்றாக வரும் சரக்கு புதிய வரவாகப் பதிவாகும். அதை இன்னொரு லோடாக எண்ணிவிடாதீர்கள்.

இன்னொன்று. விகிதத்தோடு லோடு எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று லோடு அனுப்பியவருக்கு ஒன்று தாமதமானாலே நூற்றுக்கு 33. அறுபது லோடில் பதினைந்து தாமதமானவருக்கு 25தான். பத்து லோடுக்குக் கீழே இருப்பவரை நான் வரிசையில் வைப்பதில்லை, தனித் தாளில் வைப்பேன்.

அட்டையை அனுப்புவதற்கு முன் சப்ளையரிடம் காட்டுங்கள், அவருடைய செலான்களோடு வரச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தப் பட்டறைக்காரர் தானாக வந்தார். வராதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்களோ, அது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

வணக்கம்.