லிஃப்டில் அரை நிமிடம்: பிரெஞ்சுப் பக்கத்து வீட்டாரோடு பேசுவது

அவையோருக்கு வணக்கம்.

பிரான்ஸுக்கு வந்து, பாரிஸைச் சுற்றியுள்ள புறநகர் ஒன்றில் அடுக்குமாடி வீடு கிடைத்துக் குடியேறியிருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். அலுவலகத்தில் பேச வேண்டிய பிரெஞ்சு, டாக்டரிடம் பேச வேண்டிய பிரெஞ்சு எல்லாம் வகுப்பில் கிடைத்துவிடும். லிஃப்டில் மூன்றாம் மாடி அம்மாவோடு நிற்கும் அந்த அரை நிமிடத்துக்கு எந்த வகுப்பும் இல்லை. இன்று அந்த அரை நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நாம் பேச்சைத் தொடங்குவதே கேள்வியால்தான். "சாப்பிட்டாச்சா?", "எங்க கிளம்பிட்டீங்க?", "கடைக்கா?" இவைதான் நம் வணக்கம். தெரியாதவர் என்றால் ஒரு சிரிப்போ தலையசைப்போ போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. பிரெஞ்சில் இரண்டுமே சிக்கல். "எங்கே போகிறீர்கள்?" என்பது துருவிக் கேட்பதாகப் படும். பேசாமல் சிரித்துவிட்டு நிற்பது முகம் கொடுக்காத மாதிரி. ஆள் தெரிந்தவரோ தெரியாதவரோ, ஒரே கூரையின் கீழ் எதிர்ப்பட்டால் முதலில் வர வேண்டியது "பொன்ஜூர்", கூடவே "மதாம்" அல்லது "மெசியூ". பெயர் தெரியாவிட்டாலும் குறையில்லை.

அந்தச் சொல்லை வாய்க்குப் பழக்க வேண்டும். "பொன்" என்று நுனிநாக்கை மேலே ஒட்டிச் சொல்லாதீர்கள். நாக்கைச் சும்மா விட்டு, 'ஒ'வை மூக்கு வழியாக விட்டால் போதும். "ஜூ"வும் நம் ராஜாவில் வரும் ஜ அல்ல, நாக்கு அண்ணத்தைத் தொடாமல் காற்று உரசிக்கொண்டு வரும் ஒலி. உச்சரிப்பு பிசகினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் விட்டால்தான் மனதில் வைத்துக்கொள்வார்கள்.

இது தவறிப்போனதைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. குப்பைத் தொட்டி எங்கே என்று தெரியாமல், எதிரே வந்தவரிடம் "எக்ஸ்கியூஸே முவா" என்று நேராகக் கேள்வியைப் போடுகிறீர்கள். அவர் பதில் சொல்லாமல், கொஞ்சம் அழுத்தி, "பொன்ஜூர்" என்கிறார். அது வரவேற்பு இல்லை, நீங்கள் விட்டதைச் சுட்டிக்காட்டுவது. கோபப்படாமல் நீங்களும் "பொன்ஜூர், மதாம்" என்று சொல்லிவிட்டு, அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள். பெரும்பாலும் குரல் அங்கேயே மாறிவிடும்.

ஒரே நாளில் அதே ஆளை இரண்டாம் முறை பார்த்தால்? மறுபடி முழுதாக "பொன்ஜூர்" சொன்னால், காலையில் பார்த்ததை மறந்துவிட்டீர்கள் என்று பொருள்படும். சிரித்துக்கொண்டே "ரெபொன்ஜூர்" என்றால் சரியாகிவிடும். மாலை ஐந்து, ஆறு மணி வாக்கில் "பொன்சுவார்" தொடங்கும். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால் இன்னும் சீக்கிரம் காதில் விழும். "பொன் நுயி" மட்டும் வேண்டாம். அது தூங்கப் போகும்போது சொல்வது. ஏழு மணிக்குப் படிக்கட்டில் சொன்னால் பொருந்தாது.

இனி லிஃப்டுக்குள் போவோம். காலை எட்டு மணி, ஜனவரி. நீங்கள் ஐந்தாம் மாடியிலிருந்து இறங்குகிறீர்கள், மூன்றில் அந்த அம்மா ஏறுகிறார். "பொன்ஜூர்", "பொன்ஜூர், மதாம்". "வூ ஸாலே பியான்?" என்கிறார், நலமா என்று. இதற்கு விடை "த்ரே பியான், மெர்சி, ஏ வூ?" அவ்வளவுதான். முதுகு வலியும் இரவு குழந்தைக்கு வந்த காய்ச்சலும் இங்கே வேண்டாம். "ஏ வூ", அதாவது 'நீங்கள்?' என்று திருப்பிக் கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து வானிலை. அவர் சொல்வார்: "இல் ஃபே பா ஷோ!" சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'சூடாக இல்லை' என்றுதான் வரும். சொல்ல வருவது 'நல்ல குளிர்' என்பதை. எதிர்மறையில் குறைத்துச் சொல்வது இவர்கள் வழக்கம். "பா மால்", 'மோசமில்லை', என்றால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாக்கு வழுக்கும் இடம் இதற்கான பதில். "குளிரலையா?" என்று ஒருவர் கேட்டால், "ஆமா, குளிரலை" என்று தமிழில் சொல்லலாம். கேட்டவர் சொன்னதற்கு உடன்படுகிறோம், அதனால் ஆமா. பிரெஞ்சு அப்படிப் போகாது. எதிர்மறைக்கு உடன்பட்டால் "நோன்" என்றே சொல்ல வேண்டும். மறுத்தால், அதாவது குளிர்கிறது என்றால், "சி" என்று ஒரு தனிச் சொல். அந்த அம்மா உங்கள் மெல்லிய மேலங்கியைப் பார்த்து "வூ நாவே பா ஃப்ருவா?" என்று கேட்கிறார். குளிரவில்லை என்றால் "நோன், ஸ வா". குளிர்ந்தால் "சி, அன் பெ", கொஞ்சம் குளிருதான். வெறும் "வுய்" என்று சொன்னீர்களானால், குளிருகிறதா இல்லையா என்று அவர் ஒரு கணம் தடுமாறி உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை வந்தால் இதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைப் பழக நாளாகும். வீட்டில் பிள்ளைகளை எதிர்மறைக் கேள்வியாகக் கேட்கச் சொல்லிப் பயிற்சி செய்யலாம்.

குளிரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். "எனக்குக் குளிருது" என்பதற்கு "ஜே ஃப்ருவா", என்னிடம் குளிர் இருக்கிறது என்ற அமைப்பு. "ஜெ சுயி ஃப்ருவா" என்றால் நான் ஒட்டாத சுபாவக்காரன் என்றாகிவிடும். கோடையில் "ஜெ சுயி ஷோ" சொல்வது இன்னும் கூச்சம் தரும் பொருளுக்குப் போகும். "ஜே ஷோ" என்றே சொல்லுங்கள்.

தரைத் தளம் வந்துவிட்டது. வாசலில் பிரியும்போது "பொன் ஜூர்னே!" அவர் முந்திக்கொண்டால் "மெர்சி, வூ ஒஸ்ஸி". மாலையில் "பொன் சுவாரே", வெள்ளிக்கிழமையானால் "பொன் வீக்கெண்ட்". சுமையோடு ஏறுபவருக்கு "பொன் குராஜ்". தொடங்கும் சொல்லைப் போலவே முடிக்கும் சொல்லும் கட்டாயம். அது இல்லாமல் நடந்தால் பாதியில் எழுந்து போன மாதிரி. நடுவில் பேச ஒன்றும் இல்லையென்றால் மௌனமாக இருக்கலாம், தவறில்லை. அதை நிரப்புவதற்காக வாடகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆயிற்றா, ஏன் பிள்ளை இல்லை என்று மட்டும் கேட்க வேண்டாம். நம்மிடையே அக்கறையாக இருப்பது இங்கே அத்துமீறல்.

'நீ', 'நீங்கள்' வேறுபாடு நமக்குப் புதிதல்ல. "வூ" என்பதை 'நீங்கள்' என்றே வைத்துக்கொண்டு எல்லாப் பெரியவர்களிடமும் பேசுங்கள். ஆனால் தமிழில் இளையவரை நாமாகவே 'நீ' என்று அழைத்துவிடுவோம்; இங்கே இருபது வயதுப் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் "வூ"தான். அவர்களாக "ஓன் பெ செ த்யூத்வாயே", நாம் 'நீ' என்றே பேசலாமே, என்று கேட்டால் "த்யூ"வுக்கு மாறலாம். சிறு பிள்ளைகளுக்கு முதலிலிருந்தே "த்யூ".

பிள்ளைகள் பள்ளியில் ஆறு மாதத்தில் பிரெஞ்சு பேசிவிடுகிறார்கள். அப்புறம் லிஃப்டில் பக்கத்து வீட்டார் பேசுவதற்கெல்லாம் பிள்ளையே பதில் சொல்கிறது, அம்மாவும் அப்பாவும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். சில வாரம் இப்படிப் போனால், அவர் பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளையிடமே பேசப் பழகிவிடுவார். ஆகவே "பொன்ஜூர், மதாம்" உங்கள் வாயிலிருந்து முதலில் வரட்டும், "பொன் ஜூர்னே"யும் நீங்களே சொல்லுங்கள். நடுவில் புரியாததற்குப் பிள்ளை உதவலாம்.