ஒரு லிட்டர் கடல்நீர் எத்தனை சொட்டு தாங்கும்?

நேயர்களுக்கு வணக்கம். வேதியியல் வாத்தியாராக இருந்த காலத்தில் வருஷம் ஒருமுறை மண்டபம் தென்கடலோரம் போய் ஒரு கேன் தண்ணீர் மொண்டு வருவேன். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அதில் ஒரு லிட்டரை வகுப்பு மேசையில் வைப்பேன். பக்கத்தில் இன்னொரு லிட்டர், கொதிக்க வைத்து ஆற்றிய காய்ச்சி வடித்த நீர்.

இரண்டிலும் பி.எச். மீட்டரை வைத்துவிட்டு, பியூரெட்டில் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுப்பேன். வடித்த நீரில் ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும், 7-இல் இருந்த பி.எச். 5.3 பக்கம் விழுந்துவிடும். கடல்நீர் அப்படியில்லை. அது 8.1-இலிருந்து 7.1-க்கு இறங்க ஏறத்தாழ 4 மில்லி கேட்கும். மில்லிக்கு 20 சொட்டு என்றால் 80 சொட்டு! ஒரு லிட்டர் கரைசலின் பி.எச். ஒரு அலகு மாற வலிமையான அமிலம் எவ்வளவு வேண்டும் என்பதைத்தான் தாங்கல் திறன் என்கிறோம்.

இங்கே நிறுத்திவிட்டு, "அடுத்த அலகுக்கு எவ்வளவு ஆகும், சொல்லுங்கடா" என்பேன். தாங்குகிற சரக்கு கொஞ்சம் தீர்ந்திருக்குமே, அதனால் குறைவாகத்தான் ஆகும் என்று எல்லாரும் சொல்வார்கள். நியாயமான பதில்தான், ஆனால் தப்பு. 7.1-இலிருந்து 6.1-க்கு ஏறத்தாழ ஆறரை மில்லி ஆகும். அதற்கடுத்த அலகுக்குப் பத்து மில்லிக்குப் பக்கம் போகும். அதற்கும் அப்புறம்தான் நிஜமாகவே சரக்குத் தீர்ந்து, பி.எச். சரசரவென்று விழும்.

ஏன் இப்படி? கடல்நீரில் அமிலத்தைப் பிடிப்பவை முக்கியமாகக் கார்பனேட்டும் பைகார்பனேட்டும். போரேட்டும் கொஞ்சம் கைகொடுக்கும். எந்தத் தாங்கல் ஜோடியும் இரண்டு பேரும் சரிக்குச் சரி இருக்கும்போதுதான் கெட்டியாக நிற்கும். கார்பனேட், பைகார்பனேட் சமமாவது பி.எச். 9-ஐ ஒட்டி. பைகார்பனேட்டும் கரைந்த கரியமில வாயுவும் சமமாவது 6-ஐ ஒட்டி. நம் கடல் இருக்கும் 8.1-இலிருந்து 7.1 வரை போவது இந்த இரண்டுக்கும் நடுவில். இரண்டு பனைமரத்துக்கு இடையில் கட்டின கயிறு நடுவில்தானே தொய்யும்? பைகார்பனேட் ஏராளமாகக் கிடந்தும், அந்த இடத்தில் பிடிமானம் தளர்வாகத்தான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் அசிட்டிக் அமிலமும் அசிட்டேட்டும் கலந்த கரைசல் போன்றவற்றைக் காட்டி முடித்துவிடுவதால் இது பிள்ளைகள் கண்ணில் படுவதேயில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஒரு வருஷம் கலக்கும் வேலை மிச்சமாகட்டும் என்று மீன்தொட்டிக் காற்றுப் பம்பைக் கடல்நீரில் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வந்தது. அமிலம் பைகார்பனேட்டைக் கரியமில வாயுவாக்குகிறது, குமிழிகள் அதை வெளியே கடத்துகின்றன, பி.எச். மெல்ல மறுபடி ஏறுகிறது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அமிலம் விடுவதை நிறுத்திவிட்டு இரண்டு நிமிஷம் மீட்டரைப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே இருந்தால் வாயு போகிறது என்று அர்த்தம். குறுகிய வாய்ப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, மெதுவாகக் கலக்க வேண்டும்.

தொண்டிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவன், ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த பிறகு வந்தான். "சார், ஓடை முகத்திலிருந்து குளத்துக்குத் தண்ணீர் ஏற்றினேன். உப்பு பாதியாகிவிட்டது. ஆனால் பி.எச். எட்டுதான் காட்டுது, அப்புறமென்ன?" என்றான்.

"எட்டு காட்டும்டா தம்பி, ஒரு பாட்டில் கொண்டு வா" என்றேன்.

கொண்டு வந்த நீர் ஒரு அலகு இறங்க 2 மில்லியே போதுமாயிருந்தது. மழைநீரில் பைகார்பனேட் இல்லை என்றே சொல்லலாம். அது கலந்தால் பி.எச். பெரிதாக மாறாது, தாங்கல் திறன் மட்டும் பாதியாகும். அப்படிப்பட்ட குளத்தில் பாசி பகலில் கரியமில வாயுவைத் தின்பதும், இரவில் எல்லா உயிரும் அதை வெளிவிடுவதும் சேர்ந்து, விடியலுக்கும் பிற்பகலுக்கும் இடையே பி.எச். பெரிய ஊஞ்சல் ஆடும்.

டாலமைட் போடலாமா என்று கேட்டான். எட்டு, எட்டுக்கு மேல் இருக்கும் நீரில் அது நத்தை மாதிரிதான் கரையும். சோடியம் பைகார்பனேட் உடனே கரையும். போன சரக்கை ஏறக்குறைய மீட்கக் கனமீட்டருக்கு 84 கிராம். அவன் குளம் அரை ஏக்கர், ஒரு மீட்டர் ஆழம், ஏறத்தாழ 2,000 கனமீட்டர். கணக்குப் போட்டால் 168 கிலோ வந்தது.

"இவ்வளவா சார்!" என்று வாயைப் பிளந்தான். நாலு நாளாகப் பிரித்துப் போடு, ஐந்தாம் நாள் விடிகாலையில் இன்னொரு பாட்டிலோடு வா என்று அனுப்பினேன்.