ஐந்து வாரம் விட்டுப்போன குரூப் 4 படிப்பை 25 நிமிஷத்தில் மறுபடி தொடங்குவது எப்படி?

[திரையில்: சுவரில் ஒட்டிய டைம்டேபிள். முதல் வரிசைகளில் டிக். அதற்குக் கீழே 35 காலிக் கட்டங்கள்.]

வணக்கம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிற ஒருத்தரை எடுத்துக்குவோம். பகல்ல வேலை, ராத்திரி இரண்டரை மணி நேரம் படிப்புன்னு நல்லாத்தான் போயிட்டிருந்தது. வீட்டுல ஒரு கல்யாணம், அதை ஒட்டி ஒரு காய்ச்சல். ஐந்து வாரம் புத்தகத்தைத் தொடவே இல்லை. இன்னைக்கு ராத்திரி மறுபடி உட்காரணும்னு நினைக்கிறார்.

உடனே அவர் போடுற கணக்கு இதுதான்: 35 நாள், நாளுக்கு இரண்டரை மணி நேரம், மொத்தம் 87½ மணி நேரம் பாக்கி. இதை எப்படி அடைப்பது? வழக்கமான இரண்டரையோட தினமும் ஒரு மணி நேரம் சேர்த்துப் படிச்சா, பாக்கி தீர 88 நாள் ஆகும். இரண்டரை மணி நேரமே விட்டுப்போன ஒருத்தரால மூன்றரை மணி நேரம் 88 நாள் உட்கார முடியாது. நாலாவது நாள் முடியாமப் போகும், பாக்கி இன்னும் ஏறும். அதனால இந்தக் கடனைத் தள்ளுபடி பண்ணிடுங்க. பழைய டைம்டேபிளைச் சுவர்லருந்து எடுத்துடுங்க. அந்தக் காலிக் கட்டங்கள் கண்ணுல படுற வரைக்கும் புத்தகத்துப் பக்கம் போகவே கூச்சமா இருக்கும். அந்தக் கூச்சமே இடைவெளியை இன்னும் நாலு நாள் நீட்டிடும்.

[திரையில்: மறதிக் கோடு. முதல் நாளில் செங்குத்தாக இறங்கி, பிறகு கிட்டத்தட்டப் படுத்தபடி போகிறது.]

"படிச்சதெல்லாம் போச்சே"ன்னு ஒரு பயம் இருக்கும். இதை அளந்து பார்த்திருக்காங்க. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எப்பிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி, நாள் கழிச்சு அதையே திரும்பப் படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகுதுன்னு தன்னையே வெச்சுக் கணக்கெடுத்தார், 1885-ல் வெளியிட்டார். ஒரு நாள் கழிச்சு மிச்சமான நேரம் சுமார் 34 சதவீதம். ஆறு நாள் கழிச்சு 25. முப்பத்தொரு நாள் கழிச்சும் 21. பெரிய சரிவு முதல் நாளிலேயே முடிஞ்சுடுது. ஒரு வாரம் விட்டவருக்கும் ஒரு மாசம் விட்டவருக்கும் நடுவுல வித்தியாசம் கொஞ்சம்தான். நீங்க படிச்சது அர்த்தமுள்ள பாடம், அதனால நிலைமை இதைவிட நல்லாவே இருக்கும்.

[திரையில்: வெள்ளைத்தாள், பேனா. புத்தகம் மூடியிருக்கிறது.]

முதல் நாள் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். முந்தைய ஆண்டு வினாத்தாள்லருந்து, ஏற்கனவே முடிச்ச பாடங்கள்ல மட்டும் 20 கேள்வி எடுங்க. விடைத் தேர்வுகளைக் கையால மறைச்சுக்கிட்டு பதில் எழுதுங்க. அப்புறம் திருத்தி ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறி போடுங்க: சரின்னா டிக், ஒண்ணுமே ஞாபகம் இல்லைன்னா பெருக்கல் குறி, பாதி வந்து குழம்பினா ஒரு வட்டம்.

நம்ம ஆளுக்கு 8 டிக், 7 வட்டம், 5 பெருக்கல் வந்ததுன்னு வெச்சுக்குவோம். வட்டம் விழுந்த இடங்களைப் பாருங்க. பஞ்சாயத்துக்கு 73-வது திருத்தமா, 74-வதா? "ஊறுகாய்" வினைத்தொகையா, பண்புத்தொகையா? 10,000 ரூபாய்க்கு 10 சதவீதம், இரண்டு வருஷம், கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் வித்தியாசம் எவ்வளவு? இதையெல்லாம் பாடம் முழுக்கத் திரும்பப் படிச்சுத்தான் மீட்கணும்னு இல்லை. பஞ்சாயத்து 73, நகராட்சி 74. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய்னு மூணு காலமும் ஒளிஞ்சிருக்கிறதால வினைத்தொகை. தனி வட்டி 2,000, கூட்டு வட்டி 2,100, வித்தியாசம் 100. அஞ்சு நிமிஷத்துல மூணு கேள்வி கைக்கு வந்துடுச்சு. முதல் வாரம் முழுக்க இந்த வட்டங்கள்தான் வேலை. பெருக்கல் குறிகளை இரண்டாவது வாரத்துக்கு வைங்க.

இங்கேதான் நிறைய பேர் வழுக்குவாங்க: "முதல்லருந்து ஒழுங்கா ஆரம்பிக்கிறேன்"னு முதல் பாடத்துக்கே போயிடுவாங்க. ஒவ்வொரு தடவை விட்டுப்போகும்போதும் இப்படிப் பண்ணினா, அரசியலமைப்பு முகவுரை தலைகீழாத் தெரியும், உள்ளாட்சிப் பாடத்தை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டாங்க. உங்க புத்தகத்துல முதல் இரண்டு பாடம் மட்டும் அழுக்கா, மீதியெல்லாம் புதுசா இருந்தா உங்களுக்கும் இது நடந்திருக்கு.

[திரையில்: 25 நிமிஷக் கடிகாரம், மூன்று துண்டுகளாக.]

இப்போ தினசரி அளவு: 25 நிமிஷம். முதல் 10 நிமிஷம் ஒரு பழைய பாடம். புத்தகத்தை மூடி வெச்சு ஞாபகம் இருக்கிறதை எழுதுங்க, அப்புறம் திறந்து சிவப்புப் பேனாவால விட்டதைச் சேருங்க. அடுத்த 10 நிமிஷம் ஒரே வகைக் கணக்கு நாலு. கடைசி 5 நிமிஷம் நாளைக்கு எந்தப் பாடம், எத்தனாவது பக்கம்னு துண்டுச் சீட்டுல எழுதி, அந்தப் பக்கத்திலேயே வெச்சுடுங்க. "எங்கே ஆரம்பிக்க?"ன்னு யோசிக்கிற நேரத்துலதான் கை போனுக்குப் போகும்.

பழைய பாடத்துல வாரத்துக்கு நாலு நாள் தமிழுக்குக் கொடுங்க. 200 கேள்வியில 100 தமிழ்; அதுல 150-க்கு 60 மதிப்பெண் வரலைன்னா மீதி விடைகளைத் திருத்தவே மாட்டாங்க. நேரம் குறைவா இருக்கும்போது தமிழை விடுறதுதான் பெரிய நஷ்டம்.

மூணாவது, நாலாவது நாள் ஒரு ஆபத்து வரும். 25 நிமிஷம் சுலபமா முடியும். "இன்னைக்கு ஒரு மூணு மணி நேரம் போட்டுடலாம்"னு தோணும். போட்டா மறுநாள் 25 நிமிஷம் அற்பமாத் தெரியும், மூணு மணி நேரம் கிடைக்காது, அன்னைக்கு ஒண்ணுமே நடக்காது. முதல் வாரம் 40 நிமிஷத்தைத் தாண்டாதீங்க. இன்னொண்ணு, வகுப்பு வீடியோ பார்த்த நேரத்தை இந்த 25-ல சேர்க்க வேண்டாம். வீடியோ முடிஞ்சதும் அஞ்சு குறிப்பு எழுத முடியலைன்னா பார்த்தது தங்கலைன்னு அர்த்தம்.

ஏழு நாள்ல ஆறு நாள் நடந்திருந்தா 15 நிமிஷம் கூட்டுங்க. அதுல பெருக்கல் விழுந்த பாடமும் புதுப் பாடமும் வரட்டும். நாலு, அஞ்சு நாள் நடந்திருந்தா அதே அளவுலயே இருங்க. அதுக்கும் கீழே போனா 15 நிமிஷமாக் குறைங்க. காய்ச்சல், விருந்தாளி, இரட்டை ஷிஃப்ட் இருக்கிற நாளுக்கு அஞ்சே கேள்வி, அதுவும் ஒரு டிக்தான்.

25 நிமிஷத்துல சிலபஸ் முடியாது, அது உண்மை. இது திரும்ப உட்காரும் பழக்கத்துக்கான இரண்டு, மூணு வார அளவு, அப்புறம் ஏறணும். தேர்வுக்கு ஒரு மாசமே இருக்குன்னா இந்த முறை பொருந்தாது. அப்போ புதுப் பாடத்தை விட்டுட்டு, பழைய வினாத்தாளும் தமிழும் மட்டும் பாருங்க.

[திரையில்: முதல் நாள் தாளும் புதுத் தாளும் பக்கத்தில் பக்கத்தில்.]

பதினாலாவது நாள் அதே 20 கேள்வியை வெள்ளைத்தாள்ல மறுபடி எழுதுங்க. முதல் நாள் தாளைப் பக்கத்துல வெச்சு, வட்டங்கள்ல எத்தனை டிக்கா மாறியிருக்குன்னு எண்ணுங்க. இன்னும் வட்டமாவே நிக்கிறதை மட்டும் தனியா எழுதி வெச்சுக்குங்க; பதினஞ்சாவது நாள் முதல் 10 நிமிஷம் அதுக்குத்தான்.