நடுக்கடலில் சரக்கு, கெஜட்டில் புது வரி
(வேலூரில் தோல் மற்றும் ரசாயன வணிகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, சென்னையிலிருந்து நமக்காக வந்திருக்கும் சுங்கத்துறையின் ஓய்வுபெற்ற மூத்த அதிகாரி அவர்களே, மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர் அவர்களே, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களிலிருந்து வந்திருக்கும் டேனரி உரிமையாளர்களே, ரசாயன வியாபாரிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பழைய வட ஆற்காடு இன்று பல மாவட்டங்களாகப் பிரிந்திருந்தாலும், வரி என்று வந்தால் நாம் அனைவரும் ஒரே அரங்கில் கூடுகிறோம். அதற்கு ஏற்பாடு செய்த தலைவர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டு வந்திருக்கும் உங்களுக்கும் நன்றி சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். முதலாவது, பொருள் குவிப்புத் தடுப்பு வரி எப்படி வருகிறது என்பது. இரண்டாவது, ஒரு வரி மாற்றம் எந்த நாளில், எந்த நேரத்தில் நம் சரக்கின் மேல் விழுகிறது என்பது. மூன்றாவது, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மேல் 50 சதவீதம் வரை வரி ஏற்றியபோது அங்குள்ள இறக்குமதியாளர்கள் நம் காலணி ஏற்றுமதியாளர்களிடம் விலையை எப்படிப் பேசினார்கள் என்பது.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். பொருள் குவிப்புத் தடுப்பு வரியைப் பொறுத்தவரை இந்தப் பழமொழி சொல்லுக்குச் சொல் உண்மை, ஏனென்றால் இந்த வெள்ளம் வெகு தொலைவிலேயே கண்ணுக்குத் தெரியும். வெளிநாட்டு உற்பத்தியாளர் தன் நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைந்த விலைக்கு இங்கே அனுப்புகிறார், அதனால் எங்களுக்குச் சேதம் என்று உள்நாட்டு உற்பத்தியாளர்கள் மனு கொடுக்கிறார்கள். மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்கும் வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம் விசாரணை தொடங்கி, அதை அரசிதழில் அறிவிக்கிறது. விசாரணைக்கு ஓராண்டு, தேவைப்பட்டால் மேலும் ஆறு மாதம். இயக்குநரகம் பரிந்துரை மட்டுமே செய்யும். வரியை விதிப்பது நிதி அமைச்சகம், அதற்கு மூன்று மாதம். அமைச்சகம் பரிந்துரையை ஏற்காமல் விடுவதும் உண்டு. விதித்தால் பொதுவாக ஐந்து ஆண்டு நீடிக்கும். ஆக, அறிவிப்பு வந்த நாளிலிருந்து வரி வரும் நாள்வரை பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. இடையில் தற்காலிக வரி வரலாம், ஆனால் அதுகூட விசாரணை தொடங்கி அறுபது நாளுக்குப் பிறகுதான்.

அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். ராணிப்பேட்டை வியாபாரி ஒருவர், டேனரி ஒன்றுக்கு ஆறு மாதத்துக்கு மாறாத விலையில் ஒரு ரசாயனம் தருவதாக ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்டெய்னருக்கு 20 டன்; கிலோவுக்கு அவருக்கு நிற்கும் லாபம் 4 ரூபாய். சரக்கு கடலில் இருக்கும்போது டன்னுக்கு 150 டாலர் வரி வருகிறது. டாலர் 85 ரூபாய் என்றால் கிலோவுக்கு 12 ரூபாய் 75 காசு. கண்டெய்னருக்கு 2,55,000 ரூபாய். இந்தத் தொகைக்கு ஜி.எஸ்.டி. வரவு கிடையாது, முழுவதும் அடக்கவிலையில் ஏறும். இதன் மேல் 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. 45,900 ரூபாய், அது வரவாகத் திரும்பும், ஆனால் அதுவரை கைப்பணம் முடங்கும். லாபத்தைக் கழித்துப் பார்த்தால் கிலோவுக்கு 8 ரூபாய் 75 காசு நட்டம், ஒரு கண்டெய்னருக்கு 1,75,000 ரூபாய்.

இந்த நட்டம் யாருக்கு? 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஏ பிரிவு, ஒப்பந்தத்துக்குப் பிறகு சுங்க வரி ஏறினால் விற்பவர் அதைச் சேர்த்து வாங்கலாம், இறங்கினால் வாங்குபவர் கழித்துக் கொடுக்கலாம் என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய. நம் வியாபாரிகளின் கொட்டேஷனில் 'எல்லா வரிகளும் உட்பட, மாறா விலை' என்று ஒரு வாசகம் இருக்கிறதே, அதுதான் அந்த 'வேறு விதம்' என்று வாங்குபவர் வாதிடுவார். சட்டம் தந்த பாதுகாப்பை நம் பேனாவாலேயே நாம் அடித்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக, எந்தத் தேதியின் வரி நிலவரத்தில் விலை கணக்கிடப்பட்டது, குவிப்புத் தடுப்பு வரி வந்தால் யார் ஏற்பது, எவ்வளவு ஏறினால் மிச்சச் சரக்கை இரு தரப்பும் ரத்து செய்யலாம், அதற்குச் சான்றாகப் பில் ஆஃப் என்ட்ரி நகல் தர வேண்டுமா என்ற நான்கையும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. இந்த வரி நாட்டுக்கு ஒன்றாக இருப்பதில்லை. உற்பத்தியாளரைப் பொறுத்து மாறும். விசாரணைக்கு ஒத்துழைத்த நிறுவனங்களுக்குக் குறைவாகவும், மற்ற அனைவருக்கும் அதிகமாகவும் அட்டவணையில் இருக்கும். அங்குள்ள இடைத்தரகர் கையிருப்பு தீர்ந்ததும் வேறு தொழிற்சாலைச் சரக்கை அதே பெயரில் ஏற்றிவிட்டால், உங்களுக்கு உயர்ந்த வரி விழும். டிரம்மின் லேபிள், பரிசோதனைச் சான்று, இன்வாய்ஸ் மூன்றிலும் உற்பத்தியாளர் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று கப்பலில் ஏற்றும் முன்பே பிரதி வாங்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமா தாக்குதல் நடந்தது. பிப்ரவரி 16, சனிக்கிழமை. பாகிஸ்தானிலிருந்து வந்த சரக்குக்கான பில் ஆஃப் என்ட்ரிகளை அட்டாரி எல்லைச் சாவடியில் வியாபாரிகள் பகலிலேயே தாக்கல் செய்து, வரியைத் தாங்களே கணக்கிட்டும் முடித்திருந்தார்கள். அன்று இரவு, பாகிஸ்தான் பொருள்கள் அனைத்துக்கும் 200 சதவீத வரி என்ற அறிவிக்கை மின்னணு அரசிதழில் ஏறியது. ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 நொடி. சுங்கத்துறை, அறிவிக்கையின் தேதி 16 என்பதால் அந்த நாள் முழுவதற்கும் 200 சதவீதம்தான் என்றது. நூறு ரூபாய்ச் சரக்குக்கு இருநூறு ரூபாய் வரி! வியாபாரிகள் உயர் நீதிமன்றம் போனார்கள், வென்றார்கள். அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மின்னணு அரசிதழில் ஏறிய அந்த நொடியிலிருந்துதான் புது வரி, அதற்கு முன் தாக்கலானவற்றுக்குப் பழைய வரி என்று தீர்ப்பளித்தது. பில் தாக்கலான நேரம் கணினியில் பதிவாகியிருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள்.

இதைக் கேட்டு, கப்பல் வருமுன்பே பில்லைத் தாக்கல் செய்தால் போதும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சுங்கச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, முன்கூட்டித் தாக்கல் செய்தாலும், கப்பலுக்கு நுழைவு அனுமதி கிடைத்த நாளில் தாக்கல் செய்ததாகவே கொள்ளப்படும். பாண்டட் கிடங்கில் வைத்தால், வெளியே எடுக்கத் தாக்கல் செய்யும் நாளின் வரி. ஆகவே ஏறும் வரியிலிருந்து கிடங்கு காப்பாற்றாது. முடியப்போகும் வரி முடியும்வரை காத்திருக்க மட்டுமே உதவும். திடீர் வரிக்கு அணை என்பது தாக்கல் தேதியில் இல்லை, ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

அட்வான்ஸ் லைசென்ஸில் இறக்குமதி செய்யும் பெரிய ஏற்றுமதியாளருக்குக் குவிப்புத் தடுப்பு வரியிலிருந்து விலக்கு உண்டு. வியாபாரியிடம் சில்லறையாக நாலு டிரம் வாங்கும் ஜாப் ஒர்க் டேனரிக்கு அந்த விலக்கு எட்டாது. அவருடைய தோலும் கடைசியில் ஏற்றுமதிக்குத்தான் போகிறது என்றாலும், வரியின் முழுச் சுமை அவர் தலையில். இது எனக்குத் தாங்கவில்லை. விசாரணை தொடங்கும்போது, அந்தப் பொருளைப் பயன்படுத்தும் தொழிலும் சம்பந்தப்பட்ட தரப்பாகப் பதிந்து, வினாநிரலை நிரப்பி, விசாரணையில் பேசலாம் என்று விதி இருக்கிறது. பொதுவாக 30 நாள் தவணை. தனி டேனரி ஒன்று இதைச் செய்யாது, செய்யவும் முடியாது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டியது சங்கம்தான்.

மூன்றாவது செய்தியான அமெரிக்க வரிக்குத் தனிக் கூட்டம் வேண்டும். தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். 2025 ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே நுழைந்த சரக்குக்குக் கூடுதல் 25 சதவீதத்திலிருந்து விலக்கு தந்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதி ஒப்பந்தத்தில் 'ஏற்றிய தேதி' என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

இயக்குநரகத்தின் அறிவிப்புகளை வாரந்தோறும் படிக்க ஒருவர், வினாநிரல் நிரப்ப ஒரு காஸ்ட் அக்கவுண்டன்ட், உறுப்பினர்களிடமிருந்து கொள்முதல் கணக்கைத் திரட்ட ஊருக்கு ஒரு பொறுப்பாளர் என்று ஒரு குழுவை நம் ஊர்ச் சங்கங்கள் அனைத்தும் சேர்ந்து அமைக்க வேண்டும் என்ற தீர்மான வரைவைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மாதிரி விலைப் பிரிவும் அதோடு இணைத்திருக்கிறது. இன்று மதியச் செயற்குழுவில் அதை எடுத்துக்கொள்ளும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.