'பிளாக்' அழுத்தியவருக்கும் கடை வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். இணையதளம் கட்டித் தருவது என் பிழைப்பு. இந்த வேலையில் நான் செய்த ஒரு தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கோயம்புத்தூரில் எட்டுக் கிளைகள் உள்ள ஒரு மருந்துக்கடைக்குத் தளம் கட்டினோம். 'உங்களுக்குப் பக்கத்தில் உள்ள கடை' என்று ஒரு பக்கம். திறந்த உடனே, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா எனப் பிரவுசர் கேட்கும். அனுமதித்தால் எட்டுக் கடைகளும் தூர வரிசையில் வந்து நிற்கும். எங்கள் ஆபீஸில் எல்லோரும் அனுமதித்தோம், எல்லோருக்கும் வந்தது. தளம் வெளியாகி இரண்டாம் நாள் ஒரு பெரியவர் கடைக்குப் போன் செய்தார். "தம்பி, ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்குப்பா, கடை ஒண்ணும் வரலை."

அவர் 'பிளாக்' என்பதை அழுத்தியிருந்தார். செய்தது சரிதான். பக்கம் திறந்து ஒரு எழுத்துகூடப் படிப்பதற்குள், யாரென்று தெரியாத ஒருவர் "உன் வீடு எங்கே?" என்று கேட்டால் நீங்களும் நானும் என்ன சொல்வோம்?

இருப்பிடம் கேட்கும் கட்டளைக்கு getCurrentPosition என்று பெயர். அதனிடம் இரண்டு வேலைகளை ஒப்படைக்கலாம். இடம் கிடைத்தால் இதைச் செய், கிடைக்காவிட்டால் அதைச் செய். இரண்டாவதை எழுதாமல் விட்டாலும் பிரவுசர் ஒன்றும் சொல்லாது. நாங்கள் எழுதவில்லை. அதனால்தான் பெரியவர் மறுத்த பிறகும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சரி, இரண்டாவதையும் எழுதிவிட்டால் போதுமா என்றால், போதாது. அனுமதி கேட்கும் பெட்டியைச் சிலர் கண்டுகொள்ளவே மாட்டார்கள். அனுமதிக்கவும் மாட்டார்கள், மறுக்கவும் மாட்டார்கள், பக்கத்தைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது அந்த இரண்டு வேலைகளில் எதுவுமே நடக்காது. பத்து வினாடிக்கு மேல் காத்திருக்காதே என்று timeout வைத்திருந்தாலும் பயனில்லை. அந்தக் கடிகாரம் அனுமதி கிடைத்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. பெட்டி திறந்திருக்கும் நேரம் அதில் சேராது.

ஆகவே பக்கத்தையே மாற்றினோம். திறந்ததும் எட்டுக் கடைகளும் முகவரியோடு தெரியும். மேலே பின்கோடு போட ஒரு கட்டம். அதன் பக்கத்தில் 'என் இருப்பிடத்தை வைத்துக் காட்டு' என்று ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால்தான் பிரவுசர் கேட்கும். தானே அழுத்தியவருக்கு எதற்காகக் கேட்கிறார்கள் என்பது தெரியும். மறுத்தாலும் நஷ்டமில்லை; கண் முன்னே கடைகள் இருக்கின்றன, பின்கோடு கட்டமும் இருக்கிறது.

மறுப்பிலும் வகை உண்டு. கிடைக்கவில்லை என்று பிரவுசர் சொல்லும்போது ஒரு எண்ணும் கொடுக்கும். 1 என்றால் அனுமதி இல்லை. 2 என்றால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 3 என்றால் நேரம் கடந்துவிட்டது. 2-ம் 3-ம் வந்தால் 'மீண்டும் முயற்சி செய்' என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. 1 வந்தவரிடம் அப்படிக் கேட்பது தொந்தரவு. பெரும்பாலும் அது நடக்கவும் நடக்காது. ஒரு தளத்தை நிரந்தரமாகத் தடுத்துவிட்டால் அடுத்த முறை பெட்டியே வராது. கேட்ட நொடியே 1 திரும்பி வரும். பார்ப்பவருக்குப் பட்டன் செத்துக் கிடப்பதாகத் தோன்றும்.

குரோமில் இன்னொரு நுணுக்கம். பெட்டியை மறுக்காமல் மூலையில் உள்ள பெருக்கல் குறியைத் தட்டி மூடினாலும் நமக்கு வருவது அதே 1-தான். ஆனால் அது தடை இல்லை, அடுத்த முறையும் கேட்கலாம். அப்படி மூன்று முறை மூடினால் குரோம் தானாகவே ஒரு வாரத்துக்கு வாயை அடைத்துவிடும். பக்கம் திறந்ததும் கேட்கும் தளங்கள் இப்படித்தான் மூன்று வருகையில் மொத்த வாய்ப்பையும் கெடுத்துக்கொள்கின்றன.

எது எது என்று தெரிந்துகொள்ள navigator.permissions.query இருக்கிறது. அனுமதி இருந்தால் granted, தடை இருந்தால் denied, இனிமேல்தான் கேட்க வேண்டும் என்றால் prompt என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும். denied என்று வந்தால் நாங்கள் அந்தப் பட்டனை எடுத்துவிட்டு, பின்கோடு கட்டத்தை முன்னே கொண்டுவருகிறோம். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: "இருப்பிடத்தைப் பிறகு அனுமதிக்க விரும்பினால், முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள குறியைத் தட்டுங்கள்." அவ்வளவுதான். கெஞ்சல் இல்லை.

அனுமதித்தவருக்கும் சிக்கல் வரலாம். வைஃபையோ ஜிபிஎஸ்ஸோ இல்லாத மேசைக் கணினியில் பிரவுசர் இணைய இணைப்பை வைத்து ஊகிக்கும். பீளமேட்டில் உட்கார்ந்திருப்பவரைச் சென்னையில் காட்டினாலும் காட்டும். போனிலும் துல்லியமான இடம் வேண்டாம், தோராயமாகப் போதும் என்று வைத்துக்கொள்ள வழி உண்டு. அதனால் இடத்தோடு சேர்ந்து வரும் accuracy என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். இத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம் என்பது அதன் பொருள். எங்கள் தளத்தில் அது 3000-ஐத் தாண்டினால் வரிசைப்படுத்துவதில்லை, பின்கோடு கேட்டுவிடுகிறோம்.

அப்புறம் கிளிப்போர்டு. அதாவது காப்பி செய்தது போய் உட்காரும் இடம். ஆர்டர் எண்ணுக்குப் பக்கத்தில் 'காப்பி' பட்டன் வைத்தோம். இதற்குப் பொதுவாகப் பெட்டி வராது, ஆனால் பயனர் அழுத்திய சூட்டோடு காப்பி நடந்துவிட வேண்டும் என்று சில பிரவுசர்கள் எதிர்பார்க்கின்றன. அழுத்திய பிறகு சர்வரிடம் போய் எண்ணை வாங்கி வந்து காப்பி செய்யப் பார்த்தால் சஃபாரி மறுத்துவிடக்கூடும். எங்களுடையது அப்படி மறுக்கப்பட்டது. ஆனால் பட்டனோ 'காப்பி ஆகிவிட்டது' என்று பச்சைக் குறி காட்டியது, முடிவுக்குக் காத்திராமல். ஒரு அம்மா அதை நம்பி, கடையின் வாட்ஸ்அப்பில் பேஸ்ட் செய்து அனுப்பினார். ஆர்டர் எண்ணுக்குப் பதில், முன்னே காப்பி செய்து வைத்திருந்த மோர்க்குழம்பு செய்முறை போய்ச் சேர்ந்தது.

இப்போது எண் கைக்கு வந்த பிறகுதான் பட்டனே தெரியும். காப்பி முடிந்ததாகப் பிரவுசர் சொன்ன பிறகுதான் பச்சைக் குறி. மறுத்துவிட்டால் எண்ணை நாங்களே தேர்வு செய்து நிறமிட்டுக் காட்டி, "பிடித்து அழுத்திக் காப்பி செய்யுங்கள்" என்கிறோம்.

கிளிப்போர்டைப் படிப்பது வேறு கதை. அதில் ஓடிபி இருக்கலாம், பாஸ்வேர்டு இருக்கலாம். குரோம் அனுமதி கேட்கும். பயர்பாக்ஸும் சஃபாரியும் 'பேஸ்ட்' என்று ஒரு குட்டிப் பட்டனைக் காட்டி, அதையும் தட்டச் சொல்லும். முகவரி ஒட்டுவதற்கு அப்படி ஒரு பட்டன் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். சாதாரணக் கட்டத்தில் பயனரே பேஸ்ட் செய்தால் எந்த அனுமதியும் தேவையில்லை, எந்தப் பிரவுசரும் தடுக்காது.

இந்த மாதிரி பக்கம் எதையும் இப்போது நான்கு விதமாகச் சோதிக்கிறோம். அனுமதித்து, மறுத்து, போனிலேயே லொக்கேஷனை அணைத்துவிட்டு, கடைசியாகப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய். திருத்திய பிறகும் எங்கள் பக்கம் முதல் சுற்றில் தோற்றது அந்த டீ சோதனையில்தான். திரும்பி வந்து பார்த்தால், பட்டனுக்குள் அதே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

வணக்கம்.