ஏற்காட்டு மலையில இருந்து ஆரம்பிங்க

கேள்வி: "சார், சேலத்துல ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். அசெம்பிளில இருபது நிமிஷம் காலநிலை பத்தி பேசச் சொல்லியிருக்காங்க. ஆறாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் பசங்க. ஸ்லைடுல எதை எந்த வரிசையில வைக்கிறது?"

வணக்கம் டீச்சர். எட்டு ஸ்லைடு போதும். பதினஞ்சு நிமிஷம் நீங்க பேசுங்க, அஞ்சு நிமிஷம் பசங்க கேட்கட்டும். திறந்த மைதானம்னா காலை வெயில்ல ப்ரொஜெக்டர் படம் வெளுத்துப் போயிடும், அதனால ஹால் கிடைக்குமான்னு முதல்லயே கேட்டுடுங்க.

முதல் ஸ்லைடுல பனிக்கரடி வேண்டாம். ஏற்காடு மலைப்பாதை படம் ஒண்ணு வைங்க, கீழ ஒரே ஒரு கேள்வி: "மேல போனா சூரியனுக்குக் கிட்டத்தான போறோம், அப்புறம் ஏன் குளிருது?" இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ல ஏறின பசங்கதான் அவங்க. ஜன்னல் வழியா காத்து மாறுறதை உடம்பால தெரிஞ்சவங்க. ஒரு நிமிஷம் அவங்களே யோசிக்கட்டும், நீங்க பதில் சொல்லாதீங்க.

ரெண்டாவது ஸ்லைடுல பதில். சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குறையும்னு வச்சா, ஏறக்குறைய எட்டு டிகிரி வித்தியாசம் வரும். காரணம் என்னன்னா, வெயில் காத்தை நேரா பெருசா சூடாக்குறதில்ல. காத்தைத் தாண்டி வந்து தரையைச் சூடாக்குது, தரை காத்தைச் சூடாக்குது. அந்தக் காத்து மேல ஏறும்போது அழுத்தம் குறைஞ்சு விரியும், விரியும்போது குளிரும். சைக்கிள் பம்ப்புல காத்தை அமுக்கினா அடிப்பக்கம் சுடுதில்லையா, இது அதுக்கு நேர் எதிர். ஒரு பம்ப்பைக் கையிலயே கொண்டு போங்க.

"தரைதான் சூடு குடுக்குது" அப்படிங்கிறது பசங்க மனசுல உட்கார்ந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. மூணாவது ஸ்லைடு அதுல இருந்துதான் பிறக்குது. சூடான தரை கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை வானத்துக்கு அனுப்புது. காத்துல பெரும்பாலும் இருக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதைத் தடுக்காது. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் இதுங்கதான் பிடிச்சு வச்சுக்கிட்டு ஒரு பங்கைத் திருப்பி கீழ அனுப்புது. இந்தப் போர்வை இல்லேன்னா பூமியோட சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரி. இருக்கிறதால சுமார் 15. போர்வை கெட்டது இல்ல, இப்ப கனமாகுதுங்கிறதுதான் சிக்கல். இதை அழுத்திச் சொல்லுங்க.

நாலாவது, கனமாகுறது எதனால. மேட்டூர் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிய நிறைய பசங்க பாத்திருப்பாங்க. 12 கிராம் கார்பன் எரிஞ்சா 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வருது. மீதி 32 கிராம் காத்துல இருந்த ஆக்சிஜன். எரிச்சதை விட வெளிய வர்ற எடை ஜாஸ்திங்கிறதை பசங்க நம்ப மாட்டாங்க, கரும்பலகையில கூட்டிக் காட்டுங்க.

அஞ்சாவது ஸ்லைடு ஒரே ஒரு வரைபடம். ஹவாய் தீவுல மௌனா லோவா மலையில காத்துல கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்குன்னு 1958ல இருந்து அளந்துட்டு வர்றாங்க. அப்ப காத்து மூலக்கூறு பத்து லட்சத்துக்கு சுமார் 315, இப்ப 420க்கு மேல. தொழிற்சாலைகள் வர்றதுக்கு முன்னாடி 280. கோடு ரம்பம் மாதிரி வருஷா வருஷம் ஏறி இறங்கும். வடக்குப் பகுதிக் காடுகள் தளிர் விடும்போது இறங்கும், இலை உதிரும்போது ஏறும். அந்தப் பல்லை ஒருதடவை விரலால தொட்டுக் காட்டுங்க. அப்புறம், பக்கவாட்டு எண்கள் பெரும்பாலும் பூஜ்யத்துல ஆரம்பிக்காது, காத்து முழுக்க நிறைஞ்சிடுச்சுன்னு சின்னப் பசங்க நினைச்சுக்குவாங்க. அதைச் சொல்லிடுங்க.

ஆறாவது, இதுவரைக்கும் பூமி 1 டிகிரிக்குக் கொஞ்சம் மேல சூடாகியிருக்கு. வேகமா தாண்டலாம்.

ஏழாவதுல நிதானம் வேணும். சேர்வராயன் மலையில காப்பிச் செடி பூக்க மார்ச், ஏப்ரல்ல ஒரு மழை வேணும். ஒரு வருஷம் அது தப்பினா "பாருங்க, காலநிலை மாற்றம்"னு சொல்லிடாதீங்க. ஒரு வருஷம்ங்கிறது வானிலை, முப்பது வருஷ சராசரிதான் காலநிலை. இங்க வழுக்கினா, அடுத்த வருஷம் நல்ல மழை பெஞ்சதும் பசங்க நீங்க சொன்ன எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க.

எட்டாவது ஸ்லைடுல எழுத்தே வேண்டாம், நீங்க ஒரு கேள்வி கேளுங்க: "ஓசோன் ஓட்டையை அடைச்சிட்டா சூடு குறைஞ்சிடுமா?" கை நிறைய தூக்கினா, மூணாவது ஸ்லைடு ஏறலைன்னு அர்த்தம். ஓசோன் புற ஊதாக் கதிரைத் தடுக்குற வேற கதை. கடைசி அஞ்சு நிமிஷத்துல போர்வைப் படத்துக்கே திரும்பிப் போய் இன்னொரு தடவை சொல்லுங்க.